முன்டயர் 4 மி.மீ., பின்டயர் 6.5 மி.மீ.: இப்போது இடம் மாற்றலாமா?

"முன்சக்கர இயக்கக் கார். 18,000 கி.மீ. ஓடியும் டயர்களை இடம் மாற்றவே இல்லை. புதிதில் 8 மி.மீ. ஆழம் இருந்த டயர்ப்பள்ளம் இப்போது முன்னால் 4, பின்னால் 6.5. இனி மாற்றிப் பயன் உண்டா?"

உண்டு, நண்பரே. முன்டயர்களை அதே பக்கமாக நேரே பின்னுக்குக் கொண்டுபோங்கள். பின்டயர்களைக் குறுக்காக முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இதே வேகத்தில் தேய்ந்தால் இன்னும் 18,000 கி.மீ.யில் நான்கும் 2.5 மி.மீ.யில் வந்து நிற்கும்.

ஆனால் அதுவரை தேய்ந்த ஜோடி பின்னால் இருக்கும். மழைச்சாலையில் வளைவில் பின்பக்கம் வழுக்கினால் காரை மீட்பது கடினம், வேகத்தைக் குறையுங்கள். 9,000 கி.மீ.யிலேயே மாற்றியிருந்தால் வித்தியாசம் ஒன்றேகால் மி.மீ.தான். அதனால்தான் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை என்கிறேன்.

பின்சக்கர இயக்கத்தில் இது தலைகீழ்: பின்டயர்கள் நேரே முன்னுக்கு, முன்டயர்கள் குறுக்காகப் பின்னுக்கு. நான்கு சக்கர இயக்கத்துக்கும் பெரும்பாலும் இதே முறைதான். அங்கே டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் ஈடுகட்ட வேண்டியிருக்கும், ஆகவே தள்ளிப்போடவே கூடாது.

கழற்றும் முன் டயரின் பக்கச்சுவரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குறுக்கே மாற்றாதீர்கள், அதே பக்கத்தில் முன்பின் மட்டும். உள்விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தால் முதலில் வீல் அலைன்மென்ட்டைச் சரிசெய்யுங்கள். இல்லையேல் முன்னுக்கு வரும் நல்ல டயர்களும் அதே இடத்தில் தேயும்.