விமான நிலையத்தில் காசு மாற்றினால் ஏன் கூடப் போகிறது?

"மட்டக்களப்பில் இருந்து மலேசியா போகிறேன். ரிங்கிட்டை டவுனில் வாங்கவா, கட்டுநாயக்க விமான நிலையத்தில் வாங்கவா?"

பெரும்பாலும் டவுன்தான் மலிவு. காசு மாற்றும் கடை ரிங்கிட்டை ஒரு விலைக்கு வாங்கி, அதைவிடக் கூடிய விலைக்கு விற்கிறது. அந்த இடைவெளிதான் அவர்களின் வருமானம். விமான நிலையத்தில் வாடகை அதிகம், பறக்கப் போகிறவர் வேறு கடை தேடவும் மாட்டார். அதனால் இடைவெளி அகலமாகிறது. தெருக்கடைத் தண்ணீர்ப் போத்தல் அங்கே விலை கூடுவது போலத்தான்.

டவுனில் ஒரு ரிங்கிட் 70 ரூபாய், அங்கே 74 என்று வைப்போம். 1,000 ரிங்கிட்டுக்கு 4,000 ரூபாய் கூடப் போகும்! மத்திய வங்கி அனுமதி பெற்ற கடையா, வெளிநாட்டுக் காசு விற்கிறார்களா என்று முன்பே கேளுங்கள். கடவுச்சீட்டும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும்.

'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்த்து இலவசம் என்று நினைக்க வேண்டாம்; கடையின் வருமானம் விற்கும் விலைக்குள்ளேயே இருக்கிறது.