தாண்டிக்குடி பக்கத்துல ஆரஞ்சு சர்க்கரைவள்ளி: கேட்டதும் சொன்னதும்

நியூட்ரிஷன் செகண்ட் இயர் மாணவி, கொடைக்கானல்: அக்கா, நம்ம மேல்மலையில கேரட்டு லாரி லாரியா போகுது. அதுலயே வைட்டமின் ஏ இருக்கே, அப்புறம் எதுக்கு நீங்க ஆரஞ்சு சர்க்கரைவள்ளிக் கொடி குடுக்குறீங்க?

லாரில போகுதுன்னு நீயே சொல்லிட்ட பாரு தங்கச்சி, அங்கதான் விஷயமே இருக்கு. மன்னவனூர், பூம்பாறை பக்கம் வெளையுற கேரட்டு மூட்டை கட்டுன உடனே மலை இறங்கிரும், தோட்டக்காரர் வீட்டுக்கு மிஞ்சுறது உடைஞ்சதும் கோணலும்தான், கூலிக்கு வர்றவங்க வீட்டுக்கு அதுவும் எப்பவாச்சும். சரி மிஞ்சுனதைத்தான் எப்படி சாப்பிடுறோம்? சாம்பார்ல நாலு துண்டு, ஒரு புள்ளைக்கு 20 கிராம் விழுந்தா பெருசு. கேரட்டு நமக்குத் தொட்டுக்கிற காய், பசிக்கு யாரும் கேரட்டு திங்கிறதில்ல. சர்க்கரைவள்ளி அப்படியில்ல, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வர்ற புள்ள அவிச்ச கிழங்கு ஒண்ணு கையில வாங்குனா சாதாரணமா 100 கிராம் வயித்துக்குள்ள போயிரும். ஒரு பயிர்ல சத்து எவ்வளவு இருக்குங்கிறதைத்தான் கிளாஸ்ல கேப்பாங்க, ஆனா அந்த வீட்டுல அது எத்தனை கிராம் தட்டுக்கு வருதுங்கிறதைக் கேக்காம எந்தப் பயிரையும் தேர்ந்தெடுக்கக் கூடாதுங்கிறது என் கருத்து. கேரட்டு நல்ல காய்தான், நான் குறை சொல்லல. ஆனா தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி உயரத்துல காபிக்கும் வாழைக்கும் நடுவுல வீட்டுத் தேவைக்குன்னு ஒரு துண்டு நிலம் இருந்தா அதுல கிழங்குதான் நான் சொல்லுவேன். மேல்மலையில சொல்ல மாட்டேன், சர்க்கரைவள்ளிக்கு உறைபனி ஆகாது, குளிர்ல கொடியும் ஓடாது.

அக்ரி மூணாம் வருஷம், திண்டுக்கல்: நான் கணக்குப் போட்டேன்க்கா. 100 கிராம்ல 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின்னு வச்சு 6-ஆல வகுத்தா 1300 மைக்ரோகிராமுக்கு மேல வருது. சின்னப் புள்ளைக்கு ஓவர்டோஸ் ஆயிராதா?

8 எடுத்தது நல்ல முடிவு தம்பி. திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தோட பூ சோனாங்கிற ஆரஞ்சு ரகத்துக்கு 100 கிராம்ல 14 மில்லிகிராம்னு சொல்றாங்க, ஆனா மண்ணு, வயசு, உரம்னு மாறுறதால கீழயே வச்சுக்கிறது பத்திரம். ரெண்டு இடத்துல சறுக்கிட்ட. ஒண்ணு, பழைய புத்தகத்துல இருக்குற அந்த 6. 2001-லயே அமெரிக்காவுல அதை 12-ன்னு மாத்திட்டாங்க, சாப்பாட்டுல இருக்குற பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் சேந்தாத்தான் உடம்புல 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ ஆகுதுன்னு. ரெண்டு, கிழங்கை யாரும் பச்சையா திங்கிறதில்ல. தோலோட மூடி போட்டு அவிச்சா சுமாரா 80 சதவீதம் தங்கும். அப்போ 8 மில்லிகிராம் 6.4 ஆகுது, அதை 12-ஆல வகுத்தா 533 மைக்ரோகிராம். ஐசிஎம்ஆர் 2020 அட்டவணையில 4லேருந்து 6 வயசுப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு 510. ஒரு கிழங்குல அன்னைக்குத் தேவை முடிஞ்சுருச்சு. அந்தக் கேரட்டுத் துண்டு 20 கிராமுக்கும் இதே மாதிரி போட்டுப் பாரு, 100 கிராம்ல 6 மில்லிகிராம்னு வச்சாலும் 80 மைக்ரோகிராம்தான் வரும்.

பயம் வேண்டாம். வைட்டமின் ஏ-வை நேரடியா சொட்டாவோ மாத்திரையாவோ அளவு மீறிக் குடுத்தாத்தான் நஞ்சாகும். பீட்டா கரோட்டினை உடம்பு தனக்கு வேணுங்கிற அளவுக்குத்தான் மாத்தும், ரொம்பத் தின்னா உள்ளங்கை மஞ்சளாகும், நிறுத்துனா போயிரும். ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க, துளி எண்ணெய் வேணும். கூட ஒரு துண்டு தேங்காயோ கொஞ்சம் நிலக்கடலையோ போதும்.

விவசாயி, ஆடலூர்: சந்தையில சிவப்புக் கிழங்குதானம்மா விக்குது, எங்க தோட்டத்துலயும் அதான் இருக்கு. அதுவே போதாதா?

ஐயா, நீங்க சொல்றது தோல் செவப்பு. தோலுக்கும் வைட்டமின் ஏ-வுக்கும் சம்பந்தமில்ல, உள்ள சதை ஆரஞ்சா இருக்கணும். கட்டை விரல் நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க, வெள்ளையாவோ இளமஞ்சளாவோ இருந்தா பசிக்கு ஆகும், இந்தச் சத்துக்கு ஆகாது. கேரட்டு மாதிரி எவ்வளவு அடர்த்தியா ஆரஞ்சு இருக்கோ அவ்வளவு சத்து, லேப் இல்லாமயே ஓரளவு தெரிஞ்சுக்கலாம். ஊதாச் சதை கிழங்கும் இப்போ வந்திருக்கு, பூ கிருஷ்ணான்னு, அதுல இருக்குறது வேற நிறச்சத்து, அதை வைட்டமின் ஏ கணக்குல சேக்காதீங்க.

நானே இதுல அடிபட்டிருக்கேன். முத வருஷம் ஒரு இடத்துல ஆரஞ்சுன்னு சொல்லி வாங்கிட்டு வந்த கொடியை பதினோரு வீட்டுக்குக் குடுத்தோம், நாலு மாசம் கழிச்சு தோண்டுனா ஏழு வீட்டுல வெள்ளை. கொடியைப் பாத்து எங்களால பிரிச்சுச் சொல்ல முடியல. அந்த அம்மாக்கள் முகத்தைப் பாக்கவே சங்கடமாப் போச்சு. அதுலேருந்து கிழங்கை என் கண்ணு முன்னாடி வெட்டிக் காட்டுற இடத்துலதான் கொடி வாங்குறேன்.

வத்தலக்குண்டு: இது ரேஷன் அரிசியில கலக்குறாங்களே அதுதானே? எங்கம்மா அது தண்ணில மிதக்குது, பிளாஸ்டிக்குன்னு பொறுக்கித் தூரப் போடுறாங்க.

இல்லங்க, ரெண்டும் வேற. ரேஷன்ல வர்றது அரிசி மாவுல இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 சேத்து திரும்ப அரிசி மாதிரி வார்த்தெடுத்தது, 100-க்கு 1ங்கிற கணக்குல கலந்தது. பிளாஸ்டிக் இல்ல, பொறுக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க. நம்ம பேசுற கிழங்குல சத்து செடியே உண்டாக்குறது, வெளிய இருந்து எதுவும் கலக்குறதில்ல. மரபணு மாத்துனதான்னு வேற ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க, அதுவும் இல்ல, கோல்டன் ரைஸ்னு ஒரு நெல்லு இருக்கு, அதுதான் அப்படி. இது தேர்வு செஞ்சு, ரகத்தோட ரகம் கலப்பினம் பண்ணி, பழைய முறையில எடுத்த ரகம்.

சுயஉதவிக் குழு, பண்ணைக்காடு: எங்கள்ல நெறைய பேருக்கு வீட்டுக்குப் பின்னாடி ஒரு சென்ட்தான் இருக்கு. எத்தனை கொடி வேணும், எத்தனை நாளைக்கு வரும்?

ஒரு சென்ட்ன்னா 40 சதுர மீட்டர். பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 வச்சா சுமார் 335 துண்டு. கொடியோட நுனிப்பக்கத்துல ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்க, மூணு நாலு கணு இருக்கணும், அதுல ரெண்டு மண்ணுக்குள்ள போகணும். ரகத்தைப் பொறுத்து மூணரை நாலு மாசத்துல தோண்டலாம். சதுர மீட்டருக்கு ஒரு கிலோன்னு கம்மியா வச்சாலும் 40 கிலோ. நாலு பேர் உள்ள வீட்டுல ஒரு தடவை அவிக்க ஒரு கிலோ, வாரம் நாலு தடவைன்னா பத்து வாரம் ஓடும். பத்து வாரம்தானான்னு நினைக்காதீங்க, வைட்டமின் ஏ ஈரல்ல சேந்து நிக்கும், சாப்பிட்ட மாசம் சாப்பிடாத மாசத்துக்குக் கொஞ்சம் தாங்கும். மத்த நாளுக்கு முருங்கை, பப்பாளி இருக்கு, கீரையை விட்டுட்டு இதை வைங்கன்னு நான் சொல்லவே இல்ல.

ஒரே நாள்ல நட்டுராதீங்க, மாசம் ஒரு பங்குன்னு மூணு பங்கா நடுங்க. வெளைஞ்ச கிழங்கை மண்ணுக்குள்ளயே விட்டு வச்சா கூன்வண்டு வந்துரும், மண்ணு காஞ்சு வெடிக்கிற வெடிப்பு வழியாத்தான் உள்ள எறங்கும், அதனால மண் அணைக்கிறதை விடாதீங்க. வண்டு விழுந்த கிழங்கு கசக்கும், வெட்டிட்டுப் புள்ளைக்குக் குடுக்கலாமான்னு பாக்காதீங்க, குடுக்க வேண்டாம். சீவிக் காய வச்சு எடுத்து வைக்கலாமேன்னு சிலர் கேப்பாங்க, வெயில்ல காயுறப்பவும் அப்புறம் மாசக்கணக்குல இருக்குறப்பவும் நெறம் வெளுத்துட்டே போகும், நெறம் போச்சுன்னா சத்தும் போச்சுன்னு அர்த்தம்.

பெரிய கஷ்டம் கொடியைக் காப்பாத்துறதுதான். மாசி பங்குனியில காஞ்சு போச்சுன்னா அடுத்த மழைக்கு நட ஒண்ணும் இருக்காது. பாத்திரம் கழுவுற தண்ணி போற ஓரமா பத்து செடி உயிரோட வச்சிருங்க. ஆப்பிரிக்காவுல வேற வழி பண்றாங்க, சின்னக் கிழங்கா வண்டில்லாததா பொறுக்கி காஞ்ச மணல்ல புதைச்சு வச்சு, மழைக்கு ரெண்டு மாசம் முன்னாடி தோட்டத்துல நட்டுத் தண்ணி விட்டு கொடி எடுக்குறாங்க. நான் ஒரு தடவை பண்ணேன், பாதிக்கு மேல முளைச்சது, எலி வராம மூடி வைக்கணும்.

எம்எஸ்சி மாணவர், காந்திகிராமம் பக்கம்: எங்க புராஜெக்ட்ல கொடி குடுத்தோம், மகசூல் நல்லா வந்துச்சு. ஆனா கடைசி சர்வேல புள்ளைங்க சாப்பாடு மாறவே இல்ல. எங்க தப்பாச்சு?

மொதல்ல எந்த மாசம் சர்வே எடுத்தீங்கன்னு பாருங்க. கிழங்கு தீந்து ரெண்டு மாசம் கழிச்சு நேத்து என்ன சாப்பிட்டுச்சுன்னு கேட்டா இல்லன்னுதான் வரும். அது சரியா இருந்தா, கிழங்கு எங்க போச்சுன்னு வீடு வீடாக் கேளுங்க, வித்தது எவ்வளவு, பெரியவங்க சாப்பிட்டது எவ்வளவு, புள்ளைக்கு எவ்வளவுன்னு தனித்தனியா.

மொசாம்பிக்ல ஸாம்பேசியா மாகாணத்துல ரெண்டு வருஷம் நடந்த வேலையோட முடிவு 2007-ல வந்துச்சு, அதைக் கட்டாயம் படிங்க. அங்க கொடி குடுத்ததோட நிக்கல. விவசாயம் சொல்லிக்குடுக்க ஒருத்தர், சின்னப் புள்ளைக்கு எப்படி ஊட்டுறதுன்னு அம்மாக்களுக்குச் சொல்ல ஒருத்தர்னு சேந்து போனாங்க, சந்தையில விக்கவும் வழி பண்ணாங்க. ரத்தத்துல வைட்டமின் ஏ குறைவா இருந்த புள்ளைங்க 60 சதவீதத்துலேருந்து 38-க்கு எறங்குச்சு, கொடி குடுக்காத ஊர்ல பெருசா மாறல. அப்புறம் மொசாம்பிக்லயும் உகாண்டாவுலயும் பெரிய அளவுல பண்ணப்போ, ஒரு வருஷம் பயிற்சி குடுத்த ஊருக்கும் மூணு வருஷம் குடுத்த ஊருக்கும் சாப்பிடுறதுல பெரிய வித்தியாசம் இல்ல. பயிற்சியே இல்லாம சும்மா கொடி மட்டும்ங்கிறது அதுல கிடையாது, இதை மறந்துட்டு, பயிற்சியே வேண்டாம்னு எல்லாரும் தப்பா எடுத்துக்கிறாங்க.

இன்னொண்ணு ருசி. ஆரஞ்சுச் சதையில பொதுவா மாவு கம்மி, ஈரம் ஜாஸ்தி. நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு மாவா உதிரணும், "கொழகொழன்னு இருக்கு"ன்னு ஒதுக்கிருவாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு அந்தக் கொழகொழப்புதான் பிடிக்குது. வீட்டுல என்ன அவிக்கிறதுன்னு முடிவு பண்றது பெரியவங்க, அங்கதான் மாட்டிக்கும்.

விவசாயி, பெரும்பாறை: எல்லாம் சரிம்மா, காட்டுப்பன்னிக்கு என்ன வழி? ஒரே ராத்திரியில மொத்தத்தையும் உழுதுட்டுப் போயிருது.

இதுக்கு எங்கிட்ட முழுசா வழி இல்லீங்கய்யா. தோட்டத்தைச் சுத்திச் சேலை கட்டிப் பாத்தோம், ஒரு வாரம் பயந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. பளியர் குடி ஒண்ணுல வீட்டுச் சுவரை ஒட்டி, நாய் கட்டுற பக்கமா சாக்குப்பையில மண்ணு நெரப்பி நட்டாங்க, அது தப்பிச்சுச்சு, பைக்கு ஒரு கிலோவுக்குள்ளதான் கெடச்சது. அதனால காட்டோரத் தோட்டத்துக்கு நான் இப்போ இந்தக் கிழங்கைச் சொல்றதே இல்ல, வாசலை ஒட்டி இடம் இருந்தா மட்டும்தான்.

ஆடலூர் ஐயா மறுபடி: நாங்க பாரைச் சுத்தி ரெண்டு வரிசை சேனை வச்சோம்மா, அரிப்புக்குப் பயந்து வரல.

எத்தனை வருஷமாங்கய்யா வரல? ஒரு போகம்தானா? கொடி ஓடுற நேரத்துல நேர்ல வந்து பாக்குறேன்.