மோதிரம், பாம்பு, மீன்: ஒரே ஒற்றை எண்ணில் வரும் சீட்டுகள்

அன்புள்ள அக்கா,

குறி பார்க்கும் லெனர்மாண்ட் சீட்டுகளை 9 வீதம் 4 வரிசையாக, 36-ஐயும் விரித்துப் பழகுகிறேன். தோழி ஒருத்தி, தான் ஒரு தையல் கடையில் கூட்டு சேரலாமா என்று பார்த்துச் சொல்லக் கேட்டாள். சீட்டு எண்களைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கி, ஒரே எண் வருகிறவற்றைக் காகிதத்தில் கோடு போட்டு இணைத்தேன். எல்லாமே எதனுடனாவது சேர்ந்துவிட்டது, கடைசியில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மோதிரம் 21ஆம் இடம், அதற்கு நேர் மேலே பாம்பு. பெண் சீட்டு 23, மீன் 25, நட்சத்திரம் கடைசி இடம். மறைந்திருக்கும் தொடர்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

– ஒரு வாசகி

வணக்கம்.

நீங்கள் தடுமாறியதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. டாரட்டில் 78 சீட்டில் பத்தை எடுத்து விரிக்கிறோம், அதனால் ஒரே எண்ணில் மூன்று வந்து விழுந்தால் ‘ஏன் இது மட்டும் இத்தனை வந்தது’ என்று கேட்க இடம் உண்டு. நீங்கள் விரிக்கிற இந்த கிராண்ட் டாப்லோவில் 36 சீட்டும் எப்போதும் மேஜையில் இருக்கின்றன. 36-ஐ ஒன்பது ஒற்றை எண்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு நான்கு, மிச்சமே இல்லை. ஆக ஒரே ஒற்றை எண்ணில் சேரும் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு விரிப்பிலும் முழுசாக வந்தே தீரும். ஒரு குடும்பத்தின் நான்கு சீட்டுகளை ஒன்றோடொன்று இணைக்க 6 கோடு வேண்டும், ஒன்பது குடும்பத்துக்கு 54. யார் கேட்டாலும், என்ன கேட்டாலும், அதே 54 கோடுதான். வந்திருக்கிறதா என்ற கேள்விக்கே இங்கே பொருள் இல்லை, எங்கே விழுந்திருக்கிறது என்பதை மட்டும்தான் பார்க்க முடியும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரான்சில் குறி சொல்லிப் புகழ்பெற்ற மேடம் லெனர்மாண்ட் 1843இல் இறந்த பிறகுதான் இந்தச் சீட்டுகளுக்கு அவர் பெயர் ஒட்டியது. மூலம், 1799 வாக்கில் நியூரம்பர்க்கில் ஹெக்டல் என்பவர் உருவாக்கிய ஒரு விளையாட்டு. 36 சீட்டையும் ஆறுக்கு ஆறாகப் பரப்பி, இரண்டு தாயக்கட்டையை உருட்டிக் காய் நகர்த்துவார்கள், 35ஆம் சீட்டான நங்கூரத்தில் போய் நின்றவர் ஜெயித்தார். பாம்புக்கு 7 என்ற எண் வந்தது அது ஏழாவது கட்டம் என்பதால்தான். ஆகவே எண் குடும்பம் என்பது வாசிப்பவர்கள் பிற்பாடு கொண்டுவந்த ஒரு கருவி, சீட்டுக்குள் யாரோ ஒளித்துவைத்த ரகசியம் கிடையாது. நான் அதைப் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி என்றே நினைக்கிறேன். ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால்தான் அதை எடுப்பேன்.

உங்கள் விரிப்புக்கு வருவோம். கேள்வி கூட்டு ஒப்பந்தம் பற்றியது, எனவே சீட்டு மோதிரம், எண் 25, கூட்டினால் 7. அதன் குடும்பம் பாம்பு 7, நட்சத்திரம் 16, மீன் 34. மற்ற எட்டுக் குடும்பங்களையும் அப்படியே விட்டுவிடுங்கள், அவற்றை யாரும் கேட்கவில்லை.

முதலில் எண்ணை மறந்துவிட்டு வழக்கம்போல வாசியுங்கள். மோதிரம் 21ஆம் இடத்தில், அதாவது 21ஆம் சீட்டான மலையின் வீட்டில் இருக்கிறது: ஒப்பந்தம் இழுத்தடிக்கும், ஏதோ ஒரு முட்டுக்கட்டை. நேர் மேலே பாம்பு உட்கார்ந்திருக்கிறது, சிக்கலும் சுற்றுவழியும், பல நேரம் கெட்டிக்காரியான இன்னொரு பெண். மூன்றாம் வரிசையில் உங்கள் தோழியைக் குறிக்கும் பெண் சீட்டு ஐந்தாவதாக நிற்க, இரண்டு இடம் தள்ளி ஒரு பக்கம் மோதிரம், அதே அளவு தள்ளி மறுபக்கம் பணத்தைக் குறிக்கும் மீன். ஒப்பந்தத்துக்கும் பணத்துக்கும் நடுவில் அவள். மீன் விழுந்திருக்கும் 25ஆம் இடமோ மோதிரத்தின் வீடு, அதாவது பணம் முழுக்க எழுதப்போகும் ஒப்பந்தத்தைப் பொறுத்தே இருக்கிறது. இவ்வளவும் எண்ணே இல்லாமல் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

இப்போது எண்ணைக் கொண்டுவருவோம். அது புதிதாகத் தருவது ஒன்றே ஒன்றுதான். பாம்பு இரண்டாம் வரிசையில் மூன்றாவது, மீன் மூன்றாம் வரிசையில் ஏழாவது. அவை ஒன்றையொன்று தொடவில்லை, ஒரே வரிசையில் இல்லை, மூலைவிட்டத்திலும் இல்லை, சதுரங்கக் குதிரையின் தாவலிலும் சேராது. இந்த வழிகள் எதிலும் இவற்றைச் சேர்த்து வாசித்திருக்க மாட்டீர்கள். இரண்டுமே 7 என்பதால், அதோடு இரண்டும் தனித்தனியாக ஏற்கெனவே மோதிரத்தில் வந்து சேர்ந்துவிட்டதால், சேர்த்துப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது: ஒப்பந்தத்தில் சிக்கல் பண்ணுகிறவரும் கடைப் பணத்தைக் கையில் வைத்திருக்கப் போகிறவரும் ஒரே ஆளா? நான் இதைத் தோழியிடம் கேள்வியாகத்தான் வைப்பேன். ‘கணக்கு யார் எழுதப்போகிறார்கள், ஒப்பந்தத்தின் வாசகம் யார் தயாரித்தது’ என்று கேட்டால் போதும். இரண்டு வேறு ஆட்கள் என்று அவள் சொன்னால் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, மோதிரத்தின் மேல் பாம்பு என்ற பழைய வாசிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நட்சத்திரமும் 7தான். ஆனால் அது கடைக்கோடியில், 36ஆம் இடத்தில், மோதிரத்தையோ பெண்ணையோ எந்த வழியிலும் எட்டாமல் கிடக்கிறது. விட்டுவிடுங்கள். நான்கு சீட்டு இருக்கிறதே, நான்கையும் கதைக்குள் கொண்டுவர வேண்டும் என்கிற ஆசைதான் வாசிப்பைக் கெடுக்கிறது. எண் தவிர வேறு ஒரு வழியிலும் மோதிரத்தோடோ பெண்ணோடோ தொடர்பு இல்லாத சீட்டை நான் எடுப்பதில்லை.

அப்புறம், 9 பத்தியாக விரிக்கிறவர்களில் பலர் கவனிக்காத ஒரு விஷயம். ஏழாவது பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள்: 7, 16, 25, 34ஆம் இடங்கள். அதாவது பாம்பு, நட்சத்திரம், மோதிரம், மீன் ஆகியவற்றின் வீடுகள், முழுக் குடும்பமும் ஒரே தூணில். எல்லாப் பத்தியும் இப்படித்தான், ஒன்பது பத்தி, ஒன்பது குடும்பம். ஆகவே கோடு போட்டுத் தேடவே வேண்டாம், மோதிரம் பற்றிய கேள்வி என்றால் ஏழாவது பத்தியில் எந்த நான்கு சீட்டுகள் வந்து குடியேறியிருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் மீன் அங்கேதான் இருக்கிறது, சொந்தக் குடும்பத்தின் தூணில். அதற்காகவும் துள்ள வேண்டாம், ஒவ்வொரு விரிப்பிலும் சராசரியாக நான்கு சீட்டுகள் இப்படிச் சொந்தப் பத்தியில் விழும். கேள்விக்குரிய குடும்பத்தில் அது நடந்தால் மட்டும் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு எட்டாக நான்கு வரிசை, கீழே நான்கு என்று விரிப்பவர்களுக்கு இந்தத் தூண் சாய்ந்துவிடும். 1, 10, 19, 28 அழகாக மூலைவிட்டத்தில் இறங்கும், ஆனால் 7ஆம் குடும்பம் இரண்டாம் வரிசையின் ஓரத்திலேயே முறிந்து, 25 அடுத்த பக்கம் நான்காம் வரிசையின் தொடக்கத்துக்குப் போய்விடும். எண் குடும்பம் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் விரிக்கிற 9 பத்தி முறையே வசதி.

எண் கணிதக்காரர்கள் சிலர் தனியாக வைக்கும் 11, 22, 33-ஐ இங்கேயும் கூட்டாமல் வைக்கலாமா என்பதைச் சீட்டைக் கலைக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். தனியாக வைத்தால் சாட்டை, பாதைகள், சாவி மூன்றும் வெளியே போய், 2, 4, 6ஆம் குடும்பங்களில் தலா மூன்றுதான் மிஞ்சும், பத்திக் கணக்கும் உடையும். விரித்துப் பார்த்த பிறகு வசதிக்கு ஏற்றபடி விதியை மாற்றினால் எதை வேண்டுமானாலும் எதோடும் இணைத்துவிடலாம். நான் எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறேன்.

சில கட்டுகளில் படத்தின் ஓரத்தில் சின்னதாக ஹார்ட்டின் 9, ஸ்பேடின் 6 என்று சாதாரணச் சீட்டு அச்சாகியிருக்கும். அந்த எண்ணை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், சீட்டின் சொந்த எண் மட்டும்தான். அடுத்த விரிப்பில் வழக்கமான வாசிப்பை முதலில் எழுதி முடித்துவிட்டு, அதன் கீழே எண் குடும்பம் புதிதாகச் சேர்த்த கேள்வியை மட்டும் தனி வரியில் எழுதுங்கள். அந்த வரி காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள்.