பே லேட்டரில் வாங்கிய பொருளை ரிட்டர்ன் செய்துவிட்டேன், ஆனால் பில்லில் முழுத் தொகையும் நிற்கிறது. கட்ட வேண்டுமா?

கட்டிவிடுங்கள். கடைசித் தேதிக்குள், முழுசாக. ரீஃபண்ட் பின்னால் வந்தால் அடுத்த பில்லில் கழியும்.

கையில் பொருளே இல்லாதபோது எதற்குக் கட்டுவது என்று எனக்கும் கோபம் வந்தது. நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. அம்மாவுக்கு 3,480 ரூபாய்க்கு மிக்சி வாங்கினேன். ஜாரின் அடியில் தண்ணீர் ஒழுகியது. 28ஆம் தேதி ரிட்டர்ன் போட்டேன், 30ஆம் தேதி எடுத்துப் போனார்கள். 1ஆம் தேதி பில் வந்தது: மிக்சியோடு வேறு சில்லறைச் சாமான் 640 சேர்த்து 4,120. கடைசித் தேதி 5. மிக்சிதான் திரும்பிவிட்டதே என்று நான் எதையும் கட்டவில்லை.

கடன் கொடுத்தவர், நாம் வாங்கும்போதே கடைக்குப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அதோடு நமக்கும் அவருக்கும் உள்ளது தனிக் கணக்கு. கடை பொருளைச் சோதித்து, பணத்தை அவருக்குத் திருப்பி அனுப்பும்வரை அவர் ஏட்டில் கடன் அப்படியே இருக்கும். கடை ஆப்பில் 3ஆம் தேதியே 'ரீஃபண்ட் அனுப்பப்பட்டது' என்று காட்டியது. அது கடை அனுப்பிய நாள். கடன் கணக்கில் 10ஆம் தேதிதான் வரவானது. அதற்குள் லேட் ஃபீ 250 விழுந்துவிட்டது.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தவறு. 250 சரியில்லை என்று வாதாடிக்கொண்டே, என் பாக்கியான 640ஐயும் கட்டாமல் நிறுத்தி வைத்தேன். அப்போது மாதம் இரு முறை, 15ஆம் தேதியும் கடைசி நாளும் உள்ள நிலவரம் சிபில் போன்ற கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்குப் போகும். 15ஆம் தேதி நிலவரத்தில் பத்து நாள் தாமதம் என்று பதிவானது.

கஸ்டமர் கேரில் பேசியதும் பெரும்பாடு. முகவரி கேரளம் என்பதால் மலையாளத்தில்தான் பேசுவார்கள். எனக்கு மலையாளம் பேச வரும், ஆனால் பணக் கணக்கைத் தாய்மொழியில் கேட்க எனக்கு உரிமை இல்லையா? எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தமிழ்தான். தமிழில் பேச ஆள் கேட்டால் போனை இன்னொருவருக்கு மாற்றுவார்கள், அதோடு லைன் கட்டாகும்.

கடைசியில் எழுத்தில் கேட்டதுதான் பலித்தது. கடையிடம் ரீஃபண்டின் ரெஃபரென்ஸ் எண்ணும் தேதியும் வாங்கி, கடன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் புகார் போடலாம். எனக்கு அதுவரை போகவில்லை, பதினோராம் நாள் 250 திரும்பி வந்தது.

கடனே வாங்கியிருக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். மாதக் கடைசியில் அம்மா அம்மியில் அரைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. 640ஐ 17ஆம் தேதி கட்டினேன். அந்தப் பத்து நாள் மட்டும் இன்னும் என் கிரெடிட் ரிப்போர்ட்டில் இருக்கிறது.