நான்கு ஸ்கூப் பால் பவுடரில் எத்தனை கலோரி, எவ்வளவு புரதம்?

கேள்வி: "120 மி.லி. தண்ணீரில் 4 ஸ்கூப் ஃபார்முலா பவுடர் கலக்குகிறேன். ஒரு வேளைக்குக் குழந்தைக்கு எத்தனை கலோரி, எவ்வளவு புரதம் போகிறது? டப்பாவில் 100 மி.லி.க்கு என்று போட்டிருப்பதை 1.2-ஆல் பெருக்கினால் போதுமா?"

போதாது. அந்தப் பெருக்கலால் எங்கள் வீட்டில் பெரிய பதற்றமே நடந்தது, அதனால்தான் எழுதுகிறேன். "தாய்ப்பால் கொடுக்க வேண்டியதுதானே" என்று சொல்ல வருபவர்களுக்கு: எங்களுக்கு ஃபார்முலா எழுதிக்கொடுத்ததே குழந்தை மருத்துவர்தான். நீங்களும் காரணமில்லாமல் கேட்டிருக்க மாட்டீர்கள், எடை ஏறவில்லை என்று யாராவது கணக்குக் கேட்டிருப்பார்கள்.

கலோரியும் புரதமும் பவுடரில் இருக்கின்றன, தண்ணீரில் இல்லை. ஆகவே பவுடரின் எடையைப் பிடியுங்கள். ஒரு ஸ்கூப் எத்தனை கிராம் என்று டப்பாவிலேயே இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும், ஒரு டப்பாவின் ஸ்கூப்பை இன்னொன்றில் போடவே கூடாது. எங்களுடையது 4.5 கிராம், 30 மி.லி. தண்ணீருக்கு ஒன்று. 100 கிராம் பவுடரில் 510 கலோரி, 10 கிராம் புரதம். நாலு ஸ்கூப் 18 கிராம். அப்படியானால் பாட்டிலில் இருப்பது சுமார் 92 கலோரி, 1.8 கிராம் புரதம்.

உங்கள் பெருக்கல் எங்கே சறுக்குகிறது என்றால், டப்பாவில் "100 மி.லி." என்பது கலந்து முடித்த பால். பவுடரும் இடம் பிடிக்கும். கிராமுக்கு முக்கால் மி.லி.க்குக் கொஞ்சம் கூட என்று வைத்தால், 120 மி.லி. தண்ணீரில் 18 கிராம் கரைந்ததும் பால் ஏறக்குறைய 134 மி.லி. ஆகிவிடும். கலக்கியபின் நுரை அடங்கவிட்டுப் பாட்டிலின் கோட்டைப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

எங்கள் குழந்தைக்கு அப்போது 6 கிலோ, நாளைக்கு ஆறு வேளைப் பால், மிச்சமே வைக்காது. நாங்கள் எழுதிவைத்த தண்ணீர் அளவை எடுத்துக்கொண்டு டயட்டீஷியன் டப்பாவில் போட்டிருந்த 100 மி.லி.க்கு 68 கலோரி என்ற எண்ணால் பெருக்கினார். வேளைக்கு 82, நாளுக்கு 490 கலோரி வந்தது. பவுடர் கணக்கில் 550. கிலோவுக்கு 82 என்பதும் 92 என்பதும் ஒன்றல்ல. அவர் அந்த 82-ஐ வைத்து "போதவில்லை, ஒரு ஸ்கூப் கூடப் போடுங்கள்" என்றார். அதே தண்ணீரில் ஐந்து ஸ்கூப் போட்டால் பால் 100 மி.லி.க்கு 84 கலோரி ஆகிவிடும். புரதமும் உப்பும் கூடவே ஏறும், மலம் இறுகும், தண்ணீர் பற்றாமல் போகும், சிறுநீரகத்துக்குச் சுமை. கெட்டியாகக் கொடுக்கவேண்டிய குழந்தைகள் உண்டு, ஆனால் அது சரியான கணக்கின்மேல் மருத்துவர் எடுக்கும் முடிவு. டப்பாவை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டினேன். கணக்கைப் பார்த்து, பழைய அளவே தொடரட்டும் என்றார். டயட்டீஷியன்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், மருத்துவமனையில் பால் அளவை வைத்தே கணக்கிடுவார்கள், நாங்கள் கொடுத்ததோ தண்ணீர் அளவு.

ஆனால் ஒரு வருத்தம் உண்டு. ராத்திரிப் பால் முழுக்க நான்தான் கலக்கினேன். குறிப்பு எழுதியதும் நான். அந்த அறையில் எல்லாக் கேள்வியும் "அம்மா சொல்லுங்க" என்று என் மனைவியிடமே போயிற்று. அப்பாவுக்கு என்ன தெரியும் என்ற அந்த நினைப்பு எப்போதுதான் மாறுமோ.

குழந்தை மிச்சம் வைத்தால், குடித்த பாலைக் கணக்கிடுங்கள். 134-இல் 34 மி.லி. மிஞ்சினால் குடித்தது 100, அதாவது சுமார் 68 கலோரி, 1.3 கிராம் புரதம். டப்பாவின் 100 மி.லி. எண் இங்கேதான் நேராகப் பொருந்தும்.

இவ்வளவும் ஸ்கூப்பைத் தலைதட்டி அளந்தால்தான். குவித்து அள்ளினாலோ அமுக்கி நிரப்பினாலோ கணக்குப் போச்சு. சந்தேகம் இருந்தால் பத்து ஸ்கூப்பைச் சுத்தமான, உலர்ந்த கிண்ணத்தில் போட்டு டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பத்தால் வகுங்கள். எங்கள் வீட்டில் என் அம்மா அள்ளும் ஸ்கூப் 5.3 கிராம் வந்தது. நாலு ஸ்கூப்புக்கு 16 கலோரி கூடுதல், தண்ணீர் அதேதான்.

தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகுதான் பவுடர். பவுடரைப் போட்டுவிட்டு 120 கோடு வரை தண்ணீர் விட்டால் கலோரி அதே 92 தான், ஆனால் தண்ணீர் 14 மி.லி. குறைந்து பால் கெட்டியாகிவிடும்.