உங்கள் நிறுவனம் விற்பதையே கேள்வி கேட்டு எழுதுவது எப்படி?

கேள்வி: மென்பொருள் சேவை நிறுவனம் ஒன்றில் ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன். ஒரே மென்பொருளைத் தனித்தனியாக இயங்கும் பல சிறு சர்வீஸ்களாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ் முறையின் பக்கம் சின்ன டீம்கள்கூட ஓடுவது வீண் செலவு என்று ஒரு கட்டுரை எழுத ஆசை. ஆனால் எங்கள் கம்பெனி அந்த வேலையைத்தான் விற்கிறது, இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இப்போதும் செய்து கொண்டிருக்கிறோம். யார் மனமும் நோகாமல் எழுத வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் கருத்தைவிட நீங்கள் தரும் உதாரணம்தான் வம்பை இழுத்து வரும். "மைக்ரோசர்வீஸ் எல்லாருக்கும் தேவையில்லை" என்பதைப் படித்து எந்த வாடிக்கையாளரும் கோபப்பட மாட்டார். "6 டெவலப்பர்கள், 40 சர்வீஸ், போன வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பார்த்தேன்" என்று எழுதினால் கதை வேறு. பெயரை மறைத்துவிட்டோம் என்று நாம் நினைப்போம். துறை, காலம், எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தால் அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்குப் பெயரே தேவையில்லை. காப்பீட்டை வங்கி என்று மாற்றிப் போட்டாலும் பயனில்லை. சம்பந்தப்பட்டவர் தன்னை அடையாளம் காண்பார், மற்ற வாசகருக்கோ பொய்த் தகவல் போய்ச் சேரும்.

அதனால் உதாரணத்தை வெளியிலிருந்து எடுங்கள். உங்கள் தலைப்புக்கு ஒன்று தயாராகவே இருக்கிறது. 2023-இல் அமேசான் பிரைம் வீடியோவின் பொறியாளர்கள், வீடியோ ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் தங்கள் மென்பொருளை மாற்றி அமைத்ததைப் பற்றி எழுதினார்கள். துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்ததை ஒரே புரோகிராமாகச் சேர்த்ததும் அதன் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பழைய அமைப்பில், வேலையின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் கட்டணம். ஒளிபரப்பின் ஒவ்வொரு விநாடிக்கும் அப்படிப் பல தாவல்கள். பணம் போன முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

இதில் உங்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. அவர்கள் கைவிட்ட, படிகளை ஒருங்கிணைத்து நடத்தும் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ், சிறு புரோகிராம்களை ஓட்டித் தரும் லாம்ப்டா இரண்டும் அமேசானே விற்கும் சேவைகள். அப்படியும் அவர்களால் எழுத முடிந்தது, ஏனென்றால் "எங்கள் இந்த ஒரு வேலைக்கு இது பொருந்தவில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எது பொருந்தும் என்பதை இடத்துக்கு இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். அமேசானே மைக்ரோசர்வீஸைக் கைவிட்டுவிட்டது என்று பரபரப்பாக்கியவர்கள் வெளியாட்கள். அந்தப் பரபரப்புத் தலைப்பை உங்கள் கட்டுரைக்கு நீங்களே வைத்துவிடாதீர்கள்.

சரி, வெளி உதாரணம் மட்டும் இருந்தால் உங்கள் அனுபவத்துக்கு என்ன மதிப்பு? அனுபவத்தைச் சம்பவமாகச் சொல்லாமல் நிபந்தனையாகச் சொல்லுங்கள். மேலே உள்ள 6 டெவலப்பர், 40 சர்வீஸ் வரியை இப்படி மாற்றலாம்: "எந்த மாற்றம் செய்தாலும் எல்லா சர்வீஸையும் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டியிருக்கிறதென்றால், பிரித்ததன் முக்கியப் பலனே உங்களுக்குக் கிடைக்கவில்லை. நெட்வொர்க் தாமதமும் பராமரிப்பு வேலையும்தான் மிச்சம்." இதில் யாரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. படிக்கும் வாடிக்கையாளர் தன் நிலைமையைத் தானே சோதித்துப் பார்ப்பார். கூடவே, எப்போது பிரிப்பது சரி என்பதையும் அதே அக்கறையோடு எழுதுங்கள்: தனித்தனி டீம்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் வெளியிட வேண்டிய நிலை, ஒரு பகுதிக்கு மட்டும் சுமை பல மடங்கு ஏறுவது. உங்கள் கம்பெனியின் நியாயமான வேலை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

எழுதி முடித்ததும், வாடிக்கையாளர்களோடு தினமும் பேசும் அக்கவுண்ட் மேனேஜரிடம் வரைவைக் கொடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார். "இதைப் படித்ததும் எந்த வாடிக்கையாளர் ஞாபகம் வருகிறார்?" என்று கேளுங்கள். ஒரு பெயர் சட்டென்று வந்தால், எந்த வரியால் வந்தது என்று கேட்டு அதை மாற்றுங்கள். அப்புறம் உங்கள் மேலாளருக்கு அனுப்புங்கள். "போடலாமா?" என்ற மொட்டைக் கேள்வி அவரைத் தயங்க வைக்கும். "விற்பனைக்கு இடைஞ்சலான வரி இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்" என்றால் வேலை நடக்கும். வெளியில் எழுதுவதற்கு உங்கள் கம்பெனியில் முறையான அனுமதி தேவையென்றால் அதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தையும் ஒரு முறை படியுங்கள். வாடிக்கையாளரின் பெயரையே வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை சிலவற்றில் இருக்கும். வேலை முடிந்த பிறகும் அது நீடிப்பது வழக்கம்.

"இவை என் சொந்தக் கருத்துகள்" என்ற வரியைப் போடுங்கள், ஆனால் அதை நம்பி எதையும் எழுதாதீர்கள். கசிந்த தகவலை அது காப்பாற்றாது.

அந்த இரண்டு வாடிக்கையாளர்களில் யாருக்காவது உங்கள் நிபந்தனை அப்படியே பொருந்துகிறதா? அப்படியானால் கட்டுரையைத் தள்ளி வையுங்கள். அந்தக் கருத்தை அவர்கள் முதலில் உங்கள் வாயிலிருந்து, ஆலோசனைக் கூட்டத்தில் கேட்க வேண்டும். அதற்குத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். பேசி, அவர்கள் ஒரு முடிவுக்கு வந்த பிறகு வெளியிடுங்கள்.