ஒளிப்படம் ஓவியமாக: டெனாய்சிங் எவ்வளவு வைப்பது?

திருமண ஒளிப்படக்காரர்: மணப்பெண்ணின் படத்தை ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட ஏஐயில் வாட்டர்கலர் ஓவியமாக மாற்றுகிறேன். டெனாய்சிங்கை 0.3 வைத்தால் ஒளிப்படமாகவே இருக்கிறது. 0.75 வைத்தால் வேறு யாரோ ஒரு பெண் வந்து நிற்கிறாள். நடுவில் சரியான எண் எது?

அந்த எண், உங்கள் படத்தின் மேல் எவ்வளவு இரைச்சலைக் கொட்டுவது என்பதைச் சொல்கிறது. எது மறைந்ததோ அதைத்தான் மாடல் புதிதாக வரையும். முதலில் மறைவது தோலின் துளைகள், பட்டின் இழைகள். பிறகு கண், மூக்கின் ஓரங்கள். உடலின் நிலையும் வெளிச்சம் வரும் திசையும் கடைசியில்தான் மறையும். 0.3-இல் தூரிகைக்கு இடமே கிடைக்கவில்லை, 0.75-இல் கண்ணின் வடிவமே போய்விட்டது.

இடுப்பளவுப் படம் என்றால், எஸ்டிஎக்ஸ்எல் மாடலில், எந்த இரைச்சல் விழும் என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றாமல் 0.4, 0.5, 0.6 என மூன்றை எடுத்து அருகருகே வையுங்கள். 'அழகாக இருக்கிறதா' என்று பார்க்காதீர்கள். சேலையின் கரையையும் நெற்றிச்சுட்டியையும் பாருங்கள். கரையில் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தால் எண் போதவில்லை. நெற்றிச்சுட்டி வெறும் பொட்டாகிவிட்டால் எண் மிஞ்சிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், பல படங்களில் கரை ஓவியமாகும் முன்பே சுட்டி போய்விடும். அப்படியானால் நடுவில் சரியான எண் என்று ஒன்று இல்லை. அதைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம். மூலப் படத்தின் கோடுகளைக் காட்டி மாடலை வழிநடத்தும் லைன்ஆர்ட் கண்ட்ரோல்நெட் போட்டு, அதன் `Control Weight` 0.7 அளவில் வைத்து, டெனாய்சிங்கை 0.7 வரை ஏற்றுங்கள். கோடு உருவத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறமும் தூரிகையும் தாராளமாக மாறும். `Ending Control Step`-ஐ 0.8-இல் நிறுத்துங்கள். கடைசி வரை விட்டால் சேலையின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கோடு விழுந்து, குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம் போலாகிவிடும்.

கல்லூரி மாணவர்: அதற்கு ஸ்டெப்பைக் கூட்டினாலே போதுமே அண்ணா? 0.3-இல் 20 ஸ்டெப்புக்குப் பதில் 60 வைத்தேன், நன்றாகவே மாறியது.

பாதி சரி, தம்பி. டிஃப்யூசர்ஸ் என்ற பைதான் நூலகத்தில் ஓடுவது முழு ஸ்டெப் அல்ல. அங்கே டெனாய்சிங்கின் பெயர் `strength`; அதனால் பெருக்கிய அளவுதான்.

```
pipe(prompt, image=img, strength=0.3, num_inference_steps=20)
```

இதில் ஓடியது 6 ஸ்டெப் மட்டுமே. அதனால் கலங்கலாக வந்திருக்கும். 60 வைத்ததும் 18 ஓடியது, படம் தெளிந்தது. ஆனால் கொட்டிய இரைச்சல் அதே அளவுதான். எவ்வளவு கூட்டினாலும் 0.3-இன் எல்லையைத் தாண்டாது. ComfyUI என்ற இன்னொரு மென்பொருளின் KSampler-இல் இந்தக் கணக்கு கிடையாது, 20 என்றால் 20-ம் ஓடும். ஒன்றில் பழகிய எண்ணை மற்றதில் அப்படியே போட்டு ஒப்பிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை: என் அப்பாவின் பழைய படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. டெனாய்சிங்கை 0.9 வைத்தால் இரைச்சல் நீங்கிவிடுமா?

பெயரைப் பார்த்து அப்படித் தோன்றுவது இயல்புதான் அம்மா. ஆனால் இது வேறு வேலை. 0.9 வைத்தால் புள்ளிகள் போகும், கூடவே அப்பாவும் போய்விடுவார். புள்ளிகளைச் சாதாரண எடிட்டரில் மீடியன் ஃபில்டரால் லேசாகத் தணித்துவிட்டு, பிறகு ஓவியமாக்குங்கள். தணிக்காமல் விட்டால், குறைந்த எண்களில் மாடல் அந்தப் புள்ளிகளையே தோலின் சொரசொரப்பு என்று எடுத்து வரைந்துவிடும்.

இன்னொருவர்: எங்கள் குடும்பக் குழுப் படத்தில் 0.2 வைத்தாலே பின்வரிசை முகங்கள் கோணிவிடுகின்றன. எண்ணை இன்னும் குறைக்கட்டுமா?

குறைத்துப் பயனில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் படத்தைச் சுருக்கும்போது 8 பிக்சல் அகலம் ஒரு கட்டமாகிறது. 40 பிக்சல் அகல முகத்துக்கு 5 கட்டம்தான். இரண்டு கண்ணும் மூக்கும் அதில் எங்கே அடங்கும்? மாடல் தொடும் முன்பே, சுருக்கி விரிப்பதிலேயே முகம் கெட்டுவிடுகிறது. முதலில் முழுப் படத்தையும் உங்களுக்குப் பிடித்த எண்ணில் மாற்றுங்கள். பிறகு மூலப் படத்தின் முகங்களை அதில் ஒட்டி, ஒவ்வொரு முகத்தையும் இன்பெயின்டில் `Only masked` தேர்ந்து 0.4 அளவில் வரையுங்கள். அப்போது அந்தச் சிறு பகுதி பெரிதாக்கப்பட்டு வரையப்படும்.

திருமண ஒளிப்படக்காரர்: ஒரே தடவை 0.6 வைப்பதைவிட, 0.35-இல் இரண்டு தடவை ஓட்டினால் முகம் தப்புகிறது என்கிறார்களே?

சில படங்களில் தப்புகிறது. சிலவற்றில் முதல் சுற்றில் லேசாக மாறிய கண், இரண்டாம் சுற்றில் இன்னும் விலகிப்போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் படம் சுருங்கி விரிவதால் நுணுக்கமும் கொஞ்சம் மங்கும். இரண்டாம் சுற்றில் சீடை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள்; அதே இரைச்சல் மறுபடி விழுந்தால் நிறங்கள் கருகியதுபோல் அடர்ந்துவிடும்.